மணத்தோழியாக நிற்கச் சொல்லிக் கேட்கிறார்கள், முடியாது என்று எப்படிச் சொல்வது?

நெருங்கிய தோழி போன் செய்து, "என் கல்யாணத்துல நீ என் பக்கத்துல நிக்கணும்டி" என்கிறாள். கேட்கச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. கூடவே மனசுக்குள் கணக்கும் ஓடுகிறது: உடை, பயணம், தங்குமிடம், லீவு. இந்த வருஷம் முடியாது என்று உள்ளுக்குள் தெரிகிறது. ஆனால் வாய், "கண்டிப்பா வர்றேன்" என்று சொல்லிவிடுகிறது.

பிரைட்ஸ்மெய்ட், குரூம்ஸ்மேன் என்று சொல்கிறோமே, அந்த மணத்தோழி, மணத்தோழன் பொறுப்பை மறுக்க நினைப்பவர்கள் பலரும் சறுக்குவது இந்த முதல் நிமிடத்தில்தான். நானும் ஒருமுறை இப்படிச் சரி என்று சொல்லிவிட்டு, மூன்று மாதம் கழித்துப் பின்வாங்கினேன். அவள் என்னோடு மறுபடி சகஜமாகப் பேச ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. நான் மறுத்ததைக்கூட அவள் பொறுத்துக்கொண்டாள். முடியாது என்று தெரிந்தும் மூன்று மாதம் வாய் திறக்காமல் இருந்ததைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

பின்னால் என்னோடு வேலை பார்க்கும் ஒரு பெண்ணுக்கு இதே நிலைமை வந்தது. அவள் யோசித்ததையும் பேசியதையும் கூட இருந்து பார்த்தேன். அவள் செய்தவிதம் எனக்குச் சரியாகப் பட்டது. அவள் கதையை வைத்தே ஒவ்வொரு படியாகச் சொல்கிறேன்.

கேட்ட அன்றே பதில் வேண்டாம்

கேட்டவுடன் சொல்ல வேண்டியது இரண்டே விஷயம்தான்: சந்தோஷம், அப்புறம் ஒரு தேதி. "என்னைக் கேக்கணும்னு உனக்குத் தோணுச்சே, ரொம்ப சந்தோஷமா இருக்கு. லீவு, செலவெல்லாம் பார்த்துட்டு ஞாயிற்றுக்கிழமைக்குள்ள சொல்றேன்." இதில் பொய் எதுவும் இல்லை, வாக்குறுதியும் இல்லை.

தேதியைச் சொல்லாமல் "யோசிச்சுச் சொல்றேன்" என்று மட்டும் விடாதீர்கள். கேட்டவர் அதைச் சம்மதம் என்றே எடுத்துக்கொள்வார். நான்கைந்து நாள் போதும், ஒரு வாரத்தைத் தாண்ட வேண்டாம். உங்கள் பதிலுக்காக அங்கே நிஜமாகவே வேலை நிற்கிறது. தோழிகளின் உடையை அளவு கொடுத்துத் தைக்க வைத்தால் மூன்று நான்கு மாதம் முன்பே ஆர்டர் போட வேண்டியிருக்கும். உங்களுக்குப் பதில் இன்னொருவரைக் கேட்பதென்றால், அவரும் தான் இரண்டாவதாக அழைக்கப்பட்டோம் என்று நினைக்காத அளவுக்கு நேரம் இருக்க வேண்டும்.

சிலர் அழகான பெட்டியில் பரிசு வைத்து, "எனக்குத் தோழியாக இருப்பாயா" என்று எழுதிக் கொடுப்பார்கள். பத்துப் பேர் முன்னால், கேமரா ஓடும்போது கேட்பவர்களும் உண்டு. அந்த இடத்தில் மறுக்க வேண்டாம், ஒப்புக்கொள்ளவும் வேண்டாம். கட்டிப்பிடித்து நன்றி சொல்லுங்கள். அன்றிரவே தனியாக அழைத்து, முடிவு சொல்ல நான்கு நாள் வேண்டும் என்று கேளுங்கள்.

என்னவெல்லாம் எதிர்பார்க்கிறார்கள் என்று கேளுங்கள்

மணத்தோழி என்பதற்கு எல்லா இடத்திலும் ஒரே அர்த்தம் கிடையாது. ஒருவருக்கு அது கல்யாணத்தன்று ஒரே நிறத்தில் உடுத்திக்கொண்டு பக்கத்தில் நிற்பது. இன்னொருவருக்கு எட்டு மாத வேலை. பணத்திலும் அப்படித்தான். அமெரிக்காவில் தோழியின் உடையைப் பெரும்பாலும் தோழியே வாங்கிக்கொள்வார், பிரிட்டனில் பெரும்பாலும் மணமக்கள் வாங்கித் தருவார்கள். அதனால் ஊகத்தில் மறுக்காமல் கேட்டுவிடுங்கள்: கல்யாணத்துக்கு முன்னால் எத்தனை நிகழ்ச்சி, எந்தெந்த ஊரில்? உடையும் ஒப்பனையும் யார் செலவு? தோழிகள் மட்டும் போகும் சுற்றுலா உண்டா? ஒத்திகைக்கு எத்தனை நாள் முன்னால் வர வேண்டும்?

எங்கள் அலுவலகப் பெண் கேட்டபோது கிடைத்த பதில் இது: கல்யாணம் எட்டு மாதம் கழித்து, வெளியூரில். அதற்கு முன் மணப்பெண்ணுக்காகத் தோழிகள் கொடுக்கும் ஒரு விருந்து. மூன்று நாள் சுற்றுலா. உடை, காலணி, ஒப்பனை எல்லாம் அவரவர் செலவு. ஒத்திகைக்கு முந்தைய நாளே வந்துவிட வேண்டும்.

அன்று மாலை அவள் ஒரு தாளை எடுத்து இரண்டு பத்தியாகப் பிரித்தாள். ஒரு பக்கம் நாள், இன்னொரு பக்கம் பணம். நாள் பக்கத்தில் கல்யாணத்துக்கும் ஒத்திகைக்கும் போய்வர நான்கு, சுற்றுலாவுக்கு மூன்று, விருந்துக்கு ஒன்று, ஆக எட்டு நாள் லீவு. அவளிடம் மிச்சம் இருந்தது பதினொன்று. அம்மாவுக்கு அந்த வருஷம் மூட்டு ஆபரேஷன், அதற்கு ஆறு நாளை ஒதுக்கிவைத்திருந்தாள். கையில் நிற்பது ஐந்துதான்.

பணத்தை அவள் சேமிப்புக் கணக்கில் பார்த்தாள், அதாவது மாதா மாதம் மிச்சம் பிடிக்கும் தொகையில் எத்தனை மாதத்துக்குரியது இது என்று. மொத்தம் ஏழு மாதச் சேமிப்பு வந்தது. அதில் உடையும் காலணியும் ஐந்தில் ஒரு பங்குதான். சுற்றுலாவும் பயணங்களுமே பாதிக்கு மேல். கேட்கிறவர்கள் நினைப்பது பெரும்பாலும் உடைச் செலவை மட்டும்தான், தாளில் எழுதினால்தான் மற்றது கண்ணில் படும். சுற்றுலாவையும் விருந்தையும் அடித்துவிட்டுக் கூட்டினாலும் நான்கு மாதச் சேமிப்பு. வெறும் விருந்தாளியாகப் போய் ஒரு இரவு தங்கி, பரிசு கொடுத்துவிட்டு வந்தால் ஒன்றரை மாதச் சேமிப்பு.

இந்தக் கடைசிக் கணக்கை மறக்காமல் போடுங்கள். விருந்தாளியாகவாவது போக முடியுமா என்பது தெரியாமல், "கல்யாணத்துக்குக் கண்டிப்பா வர்றேன்" என்று பேசும்போது சொல்லிவிடக் கூடாது.

எது உண்மையான காரணம்?

எனக்கு இதுதான் முக்கியமான படி. நீங்கள் எந்தக் காரணத்தைச் சொல்கிறீர்களோ, அதைத் தீர்த்துவைக்கத்தான் உங்கள் நண்பர் முயல்வார். அன்பாலேயே முயல்வார். நேரம் இல்லை என்றால், "கல்யாணத்தன்னிக்கு மட்டும் வந்தா போதும்" என்பார். பணம் இல்லை என்றால், "நான் தர்றேன்" என்பார். அவர் அப்படித் தீர்த்துவைத்த பிறகும் நீங்கள் தயங்கினால், முதலில் சொன்ன காரணமே பொய் என்றுதான் அவருக்குத் தோன்றும்.

எங்கள் பெண் முதலில் லீவைச் சொல்லலாம் என்றுதான் நினைத்தாள். பணம் இல்லை என்று சொல்ல யாருக்கும் கூச்சமாகத்தான் இருக்கும். ஆனால் தாளைப் பார்த்தபோது அது எடுபடாது என்று தெரிந்துவிட்டது. சுற்றுலாவும் விருந்தும் வேண்டாம் என்று மணப்பெண் சொல்லிவிட்டால் நான்கு நாள் போதும், கையில் ஐந்து இருக்கிறது. லீவுப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும். தீராதது பணம்தான். அதனால் அதையே சொல்வதென்று முடிவு செய்தாள். எவ்வளவு என்ற கணக்கைச் சொல்லத் தேவையில்லை.

நண்பர் சொல்லக்கூடிய இரண்டு தீர்வுகளுக்கும் உங்கள் பதிலை முன்கூட்டியே உங்களுக்குள் கேட்டுப் பாருங்கள். அவர் செலவை ஏற்றால் சம்மதமா? பொறுப்பைக் குறைத்தால் சம்மதமா? ஏதாவது ஒன்றுக்கு மனசு நிஜமாகவே சரி என்றால், நீங்கள் மறுக்கப் போவதில்லை, நிபந்தனை கேட்கப் போகிறீர்கள். அப்படியானால் அதையே கேள்வியாகக் கேளுங்கள்: "சுற்றுலாவுக்கு என்னால வர முடியாது, கல்யாணத்தன்னிக்கு மட்டும் நிக்கலாமா?" மறுத்துவிட்டு, அவர் கெஞ்சியதும் இறங்கி வருவது இருவருக்குமே வருத்தம்.

இன்னொரு சோதனையும் உண்டு. நீங்கள் சொல்லும் காரணம் அடுத்த சில மாதங்களுக்குத் தாங்க வேண்டும். கையில் பணம் இல்லை என்று சொல்லிவிட்டு, இரண்டு மாதத்தில் நீங்கள் போன ஊர்ப் படங்களை அவர் பார்த்தால் மனசு உடைந்துபோகும். அந்தப் பயணத்துக்குப் போன வருஷமே பணம் கட்டியாகிவிட்டது என்றால், நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிடுங்கள். வேறு வாயிலிருந்து வரக் கூடாது.

சொல்வது

போனில் சொல்லுங்கள், பக்கத்தில் இருந்தால் நேரில். குழு அரட்டையில் சொல்லவே கூடாது. மற்ற தோழிகள் முன்னால் உங்களைச் சமாதானப்படுத்துவதா, வருத்தப்படுவதா என்று அவர் தவிக்க வேண்டி வரும். அவருக்கு வேறு நிகழ்ச்சி இருக்கும் நாளையும் தவிர்த்துவிடுங்கள்.

மறுப்பு இரண்டாவது மூன்றாவது வாக்கியத்திலேயே வந்துவிட வேண்டும். பத்து நிமிடம் பழைய கதை பேசிவிட்டுச் சொன்னால், அந்தப் பத்து நிமிடமும் இதற்காகத்தானா என்று தோன்றும். எங்கள் பெண் சொன்னது இவ்வளவுதான்:

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். நீ என்னைக் கேட்டது எனக்கு ரொம்பப் பெரிய விஷயம். ஆனா என்னால மணத்தோழியா நிக்க முடியாது. இந்த வருஷம் கையில இருக்குற பணமெல்லாம் அம்மா ஆபரேஷனுக்குப் போகுது. கல்யாணத்துக்குக் கண்டிப்பா வருவேன்."

சொல்லிவிட்டு நிறுத்தினாள். இந்த நிறுத்தம் கஷ்டமானது. எதிரில் அமைதி வந்தால் நமக்குப் பதறும், உடனே "இல்ல, பார்க்கலாம், முயற்சி பண்றேன்" என்று வாய் வந்துவிடும். அந்த ஒரு வார்த்தை அதுவரை சொன்னதையெல்லாம் அழித்துவிடும். அமைதியை அவருக்கு விட்டுக்கொடுங்கள், ஏமாற்றத்தை விழுங்க அவருக்கும் நேரம் வேண்டும்.

மணப்பெண் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "டிரஸ்தான் பிரச்சினைனா நான் வாங்கித் தர்றேன்டி" என்றாள்.

"நீ தருவேன்னு தெரியும். டிரஸ் மட்டும் இல்ல, மொத்தமா சேர்ந்து எனக்குத் தாங்காது. உன் கல்யாணச் செலவுல இன்னும் ஒண்ணை ஏத்த எனக்கு மனசு வரல."

"அப்ப டூர் வேணாம். அன்னிக்கு மட்டும் வந்து நில்லு."

"அதையும் போட்டுப் பார்த்துட்டேன், முடியல. விருந்தாளியா வந்து உன்னைப் பார்க்குறேன்."

மூன்றாவது தடவை மணப்பெண் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவள் புதுக் காரணம் எதையும் சேர்த்திருக்கக் கூடாது. இரண்டாவது காரணத்தைச் சொன்னால் முதல் காரணம் வலுவிழக்கும், பேரம் மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

இன்னொரு விஷயத்தையும் கவனியுங்கள். "டூருக்கு இவ்வளவு செலவா?", "இந்த உடையைத் திரும்ப யார் போடப் போறா?" போன்ற பேச்சு அங்கே வரவே இல்லை. உங்களால் முடியவில்லை என்பது உங்களைப் பற்றிய செய்தி. அவர்கள் செலவு அதிகம் என்று பேச ஆரம்பித்தால் அது அவர்கள் கல்யாணத்தைப் பற்றிய தீர்ப்பாகிவிடும். மறுப்பை மன்னித்தாலும் அதை மறக்க மாட்டார்கள். அதேபோல, "என்னைவிட அவ நல்லாப் பண்ணுவா" என்று இன்னொரு பெயரை நீங்களாக எடுத்துக் கொடுக்காதீர்கள். யார் பக்கத்தில் நிற்க வேண்டும் என்பது அவர் விருப்பம்.

ஆண்களுக்குள் இந்தப் பேச்சு பெரும்பாலும் ஒரு வரியில் முடிந்துவிடுகிறது. "மச்சான், நீ என் பக்கம் நிக்கிற" என்று செய்தி வரும். "டேய், பார்ப்போம்டா" என்று பதில் போகும். கேட்டவன் ஆள் கிடைத்துவிட்டது என்று கோட்டுக்கு அளவு கேட்பான். நண்பன் ஒரு வரியில் கேட்டிருந்தாலும் நீங்கள் போன் போட்டுப் பேசுங்கள்: "மச்சான், நீ கேட்டதுல சந்தோஷம்டா. ஆனா அந்த மாசம் பூரா எனக்குப் பரீட்சை, மணத்தோழனா நிக்க முடியாது. கல்யாணத்தன்னிக்குக் காலைல வந்துட்டு, ராத்திரி கிளம்பிடுவேன்." எப்போது வந்து எப்போது கிளம்புவீர்கள் என்பதையும் சொல்லிவிட்டால் அதில் குழப்பம் வராது.

அன்றைக்கே ஒரு செய்தி

போனை வைத்த பிறகு, அன்றைக்கே சுருக்கமாக எழுதி அனுப்புங்கள். உணர்ச்சியில் பேசியது இருவருக்கும் வேறுவேறு மாதிரி நினைவில் தங்கும். அவள் அனுப்பியது:

"நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டதற்கு நன்றி. மணத்தோழியாக நிற்க முடியவில்லை என்பதில் எனக்கும் வருத்தம்தான். கல்யாணத்துக்கு முந்தைய நாள் மாலை வந்துவிடுவேன். வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு வழி, தங்குமிடம் சொல்லி பதில் போடும் வேலையை என்னிடம் கொடு, இங்கிருந்தே செய்கிறேன்."

அந்தக் கடைசி வரி முக்கியம். உதவி என்றால் ஒரே ஒரு வேலை, எல்லை தெரிந்த வேலை. "என்ன வேணும்னாலும் கேளு" என்று சொன்னால், மறுத்த பொறுப்பு முழுவதும் துண்டு துண்டாகத் திரும்பி வரும். பணமோ லீவோ கேட்காத வேலையாகப் பாருங்கள்: அழைப்பு வாசகத்தைப் பிழை பார்ப்பது, வருகிறவர் பட்டியலைச் சரிபார்ப்பது, விழாவில் ஏதாவது வாசிப்பது. பதிவேட்டில் சாட்சிக் கையெழுத்து வேண்டியிருக்கும் இடங்களில் அதையும் கேட்கலாம். சில நிமிட வேலைதான், ஆனால் உங்கள் பெயர் அந்தக் கல்யாணத்தில் நிற்கும். செய்ய மனசில்லை என்றால் எதையும் சொல்லாமல் விடுங்கள். குற்ற உணர்ச்சியில் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற முடியாமல் போனால் அது இரண்டாவது ஏமாற்றமாகிவிடும்.

தோழிகள் குழுவில் ஏற்கெனவே சேர்த்திருந்தால், மணப்பெண்ணிடம் சொல்லிவிட்டு வெளியேறுங்கள். உள்ளே இருந்தால் சுற்றுலாப் பங்கு கேட்டு உங்களுக்கும் செய்தி வரும், ஒவ்வொரு தடவையும் நீங்கள் மறுபடி மறுக்க வேண்டியிருக்கும்.

ஏற்கெனவே சரி என்று சொல்லிவிட்டிருந்தால்

என் கதை இதுதான். இங்கே அவசரம் அதிகம், உடை ஆர்டருக்கும் பயண முன்பதிவுக்கும் முன்னால் சொல்வதும் பின்னால் சொல்வதும் ஒன்றல்ல. இன்றைக்கே கூப்பிடுங்கள். "அப்பவே யோசிச்சிருக்கணும், அவசரப்பட்டுச் சரின்னுட்டேன். தப்பு என்னோடதுதான்" என்று தொடங்குங்கள். உங்கள் பெயரில் யாராவது பணம் கட்டியிருந்தால், எவ்வளவு என்று கேட்டு அதைக் கொடுத்துவிடுங்கள். திரும்பக் கிடைக்காத முன்பணமும் அதில் அடக்கம். மொத்தச் செலவையும் தாங்க முடியாதவருக்கு அதுவும் சுமைதான், தவணையாகத் தருவதாகக்கூடச் சொல்லலாம். ஆனால் அவர்கள் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம். நான் காத்திருந்தேன், அதுவும் அவள் மனசில் தங்கியது.

அப்புறம்

மறுத்த பிறகு சில வாரம் அவர் பேச்சில் ஒரு இறுக்கம் இருக்கலாம். அந்த நேரத்தில் "கோபமா?" என்று திரும்பத் திரும்பக் கேட்காதீர்கள். உங்களைச் சமாதானப்படுத்தும் வேலையும் அவர் தலையில் விழுந்துவிடும். எப்போதும் பேசுவதைப் போலவே பேசுங்கள், கல்யாண ஏற்பாடு எப்படிப் போகிறது என்று கேளுங்கள், படம் அனுப்பினால் பாருங்கள். ஒரு மாதம், ஒன்றரை மாதம் கழித்தும் பதிலே இல்லை என்றால் ஒரே ஒருமுறை, "உனக்கு வருத்தம்னு தெரியும், பேசணும்னு தோணும்போது கூப்பிடு" என்று சொல்லிவிட்டு விடுங்கள்.

கல்யாணத்தன்று தெரிந்தவர்கள் வந்து, "நீ ஏன் அங்க நிக்கல?" என்று கேட்பார்கள். பலபேர் கேட்பார்கள், அதற்கும் பதிலை வீட்டிலேயே தயார் செய்துகொண்டு போங்கள். எங்கள் பெண், "இந்த வருஷம் எனக்கு முடியல, ஆனா வந்துட்டேன் பாருங்க" என்றே எல்லோரிடமும் சொன்னாளாம். அம்மாவின் ஆபரேஷனையோ பணத்தையோ யாரிடமும் எடுக்கவில்லை. மணப்பெண்ணிடம் மட்டும் சொன்னதை அவளிடம் மட்டுமே வைத்துக்கொண்டாள். தோழிகளெல்லாம் ஒரே நிறத்தில் வரிசையாக நின்றபோது மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். படமெடுக்கும் நேரம் வந்ததும் மணப்பெண்ணே கைகாட்டிக் கூப்பிட்டு, அந்த வரிசையின் ஓரத்தில் அவளை நிறுத்திக்கொண்டாளாம், அவள் போட்டிருந்த வேறு நிற உடையோடு.